‘ஓகே’, ‘ஃபைன்’: சம்மதமா, அரைமனசா, கோபமா? மொழிபெயர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

ஓகே, ஃபைன் இரண்டுக்கும் ‘சரி’ என்று போட்டுவிட்டுப் போய்விடலாமே?

பாதி இடங்களில் போகலாம். ‘மூன்று மணிக்குச் சந்திக்கலாமா?’ ‘ஓகே.’ இதற்குச் ‘சரி’யை விட நல்ல சொல் கிடையாது. தேடவும் வேண்டாம்.

சிக்கல் மீதிப் பாதியில்தான். நான் ஆங்கிலப் பட வசனங்களைத் தமிழாக்குகிறவன், சப்டைட்டிலும் டப்பிங்கும். ஆரம்ப நாட்களில் ஒரு சண்டைக் காட்சி வந்தது. மனைவி கடைசியாக ‘ஃபைன்’ என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவாள். நான் ‘நல்லது’ என்று எழுதியிருந்தேன். திரையில் பார்த்தபோது அவள் ஏதோ ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போவதுபோல இருந்தது. அகராதிப்படி தப்பில்லை. ஆனால் கதவை அப்படி அறைந்து சாத்துகிறவள் ‘நல்லது’ என்று சொல்லமாட்டாள்.

அதற்குப் பிறகு இந்த இரண்டு சொற்களும் வரும்போது சொல்லை மொழிபெயர்ப்பதில்லை. அந்தப் பதிலால் அவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் பார்க்கிறேன்: ஒத்துக்கொள்கிறாரா, வழியில்லாமல் இறங்கி வருகிறாரா, பேச்சை முடிக்கிறாரா?

இரண்டும் ஒன்றுதானே? எதற்குத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்?

பிறப்பே வேறு. ‘ஓகே’ வேடிக்கையாகப் பிறந்த சொல். ‘ஆல் கரெக்ட்’ என்பதை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி, அதன் முதலெழுத்துகளை எடுத்துச் சுருக்கினார்கள். 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் நாளிதழ் ஒன்றில் அச்சேறியது. அமெரிக்கச் சொல்லாய்வாளர் ஆலன் வாக்கர் ரீட் பிற்பாடு தேடிப் பிடித்துச் சொன்ன வரலாறு இது. ஆக, அதன் வேர்ப்பொருள் ‘எல்லாம் சரி’. நம் ‘சரி’யோடு இவ்வளவு ஒட்டிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சரியானது என்பதற்கும், ஆகட்டும் என்பதற்கும் நாம் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்.

‘ஃபைன்’ லத்தீனில் ‘முடிவு’ என்று பொருள்படும் ‘ஃபினிஸ்’ என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. முழுமையானது, உயர்ந்தது என்பது பழைய பொருள். அதாவது ‘ஃபைன்’ ஒரு பாராட்டுச் சொல். பாராட்டுச் சொல்லை மொட்டையாக, முகம் கொடுக்காமல் சொன்னால் குத்தும். ‘ஓகே’யில் பாராட்டு எதுவும் இல்லாததால் அது அவ்வளவு குத்தாது. அதனால் என் கணக்கு இது: கோபம் வேறெதிலும் தெரியாவிட்டால் ‘ஓகே’ பெரும்பாலும் நடுநிலை. வாக்குவாதத்தின் நடுவில் தனியாக வரும் ‘ஃபைன்’ பெரும்பாலும் நடுநிலை அல்ல.

‘தட்ஸ் ஃபைன்’, ‘ஃபைன் பை மீ’ என்று கூட ஒன்றிரண்டு சொல் சேர்ந்துவிட்டால் அந்த முள் போய்விடும். ‘எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை’, ‘பரவாயில்லை’ என்று எழுதலாம்.

ஸ்கிரிப்டில் வெறும் ‘ஓகே’ என்றுதான் இருக்கிறது. எந்த ஓகே என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சொல்லுக்கு முன்னால் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். மனமொத்த சம்மதம் காத்திருக்காது, கேள்வி முடியும் முன்பே ஓடிவரும். மறுப்பும் அரைமனசும் தாமதித்து, மூச்சு இழுத்து, ‘வெல்…’ என்று இழுத்து வரும். உரையாடலை ஆராய்கிறவர்கள் இதைப் பதிவுகளை வைத்தே காட்டியிருக்கிறார்கள். அனிட்டா பொமரன்ட்ஸ் 1984-இல் எழுதிய கட்டுரை இதற்கு அடிப்படை. சப்டைட்டில் வேலையில் நமக்கு ஒரு வசதி, டைம்கோடு கையிலேயே இருக்கிறது. கேள்வி முடிந்த நேரத்துக்கும் பதில் தொடங்கிய நேரத்துக்கும் நடுவே முக்கால் விநாடிக்கு மேல் போனால் நான் அந்த ‘ஓகே’யைச் சந்தேகப்படுவேன். ஒன்றரை விநாடி ஆகிவிட்டால் அது சம்மதமில்லை என்றே வைத்துக்கொண்டு, பிறகு காட்சியைப் பார்ப்பேன்.

அடுத்து, சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது? சம்மதித்தவர் மேலே பேசுவார். ‘ஓகே, எத்தனை மணிக்கு?’ என்று அடுத்த படிக்குப் போவார். அரைமனசுக்காரர் நிபந்தனை வைப்பார்: ‘ஓகே, ஆனா இதுதான் கடைசி.’ கோபக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். அவருடைய பதிலுக்குப் பின்னால் வெறும் மௌனம்தான்.

படம் கொடுக்காமல் ஸ்கிரிப்டை மட்டும் அனுப்பி மொழிபெயர்க்கச் சொல்கிறவர்கள் உண்டு. அப்போது அந்த வரியில் குறிப்பு வைத்து, படத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வேன் என்று எழுதிவிடுங்கள். ஊகித்து எழுதினால் பழி உங்கள் மேல்தான் வரும்.

அரைமனசான ஓகேவைத் தமிழில் எப்படி எழுதுவது? ‘சரி…’ என்று மூன்று புள்ளி வைத்தால் போதுமா?

புள்ளி வைப்பது சோம்பேறித்தனம். தமிழில் இதற்கு வினைச்சொல் இருக்கிறது.

ஆங்கிலத்தில் ‘வருவாயா?’ என்று கேட்டால் ‘ஓகே’ என்ற ஒட்டாத சொல்லைப் பதிலாகச் சொல்லிவிடலாம். தமிழில் கேள்வியில் வந்த வினையையே திருப்பிச் சொல்வதுதான் இயல்பு. ‘வர்றியா?’ ‘வரேன்.’ அந்த வினையின் வாலில்தான் நாம் மனசைக் கட்டி வைக்கிறோம். ஒரே சம்மதம் எத்தனை விதமாக வருகிறது பாருங்கள். ‘வரேன்’ என்றால் சும்மா சம்மதம். ‘வரேனே’ என்றால் சந்தோஷமான சம்மதம், ‘இதைக் கேட்கவும் வேண்டுமா’ என்பதுபோல. ‘சரி, வரேன்’ என்றால் கொஞ்சம் யோசித்துத்தான் ஒத்துக்கொண்டிருக்கிறார். ‘வரேன், வேற என்ன பண்றது’ என்றால் வழியில்லை. ‘வந்து தொலைக்கிறேன்’ என்றால் எரிச்சல், ஆனால் வந்துவிடுவார்.

இந்தத் ‘தொலை’ என்னும் துணைவினை நமக்குக் கிடைத்த பெரிய வரம். ஆங்கிலத்தில் ‘ஓகே, ஓகே, ஐ வில் டூ இட்’ என்று மூன்று முறை முனகினால்தான் வருவதை ‘செஞ்சு தொலைக்கிறேன்’ ஒரே மூச்சில் சொல்லிவிடும். ஒரு எச்சரிக்கை. இதை நெருக்கமானவர்களிடமும் கீழே இருப்பவர்களிடமும்தான் சொல்லலாம். மேலதிகாரியிடம் முனகும் பாத்திரத்துக்கு ‘செஞ்சுடறேன் சார்’ என்று சொல்லவைத்து, முனகலை நடிகரின் குரலுக்கு விட்டுவிடுங்கள்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று: ‘பார்க்கலாம்’. அரைமனசு என்றதும் கை தானாக அதை எழுதப் பார்க்கும். ஆனால் ‘பார்க்கலாம்’ சம்மதமே அல்ல. மரியாதையாகத் தள்ளிப்போடுவது அது, பல நேரம் ‘முடியாது’தான். பாத்திரம் ‘ஓகே’ சொன்னதால்தான் அடுத்த காட்சியில் அந்தப் பயணமே நடக்கிறது என்றால், ‘பார்க்கலாம்’ போட்ட இடத்தில் கதை அறுந்துவிடும்.

கோபமான ‘ஃபைன்’ வந்தால்? நான் எப்போதும் ‘உன் இஷ்டம்’ போடுகிறேன். சரியா?

திசை சரி. ஆனால் எல்லா இடத்திலும் அதையே போட்டால் எல்லாப் பாத்திரமும் ஒரே குரலில் ஊடுவார்கள்.

அது ஏன் பொருந்துகிறது என்று தெரிந்துகொண்டால் வேறு சொற்களும் தாமாக வரும். அரைமனசில் வினை பேசுகிறவருடையது: வரேன், செய்யறேன், தரேன். கோபத்தில் வினையை எதிராளி கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறோம்: போ, செய், வச்சுக்கோ, என்னவோ பண்ணு. ‘நான் இதில் இல்லை’ என்பதுதான் அந்தக் குளிர்ச்சி. ‘உன் இஷ்டம்’ செய்வதும் அதைத்தான். ‘சரி, வரேன்’ என்பவர் இன்னும் உங்களோடு இருக்கிறார். ‘சரி, போ’ என்பவர் இல்லை.

இன்னொன்று, அழைப்புச் சொல். தமிழில் ‘சரி’ தனியாக வருவது குறைவு. சரிம்மா, சரிடா, சரிக்கா, சரிங்க என்று யாராவது ஒருவர் அதில் ஒட்டிக்கொண்டே வருவார். அந்த வாலை நறுக்கினால் போதும், வேறெதுவும் செய்யாமலே கோபம் வந்துவிடும். முந்தைய பத்து வரிகளிலும் ‘சரிடா’ என்று சொன்ன நண்பன் பதினோராவது வரியில் ‘சரி’ என்றால் பார்க்கிறவருக்குச் சுருக்கென்று புரியும். ஆனால் அதற்கு முந்தைய பத்து வரிகளிலும் ‘டா’ இருந்திருக்க வேண்டும். கோபத்தை அந்த ஒரு வரியில் மட்டும் எழுத முடியாது.

எதிர்த் திசையும் உண்டு. ‘நீ, வா, போ’ என்று பழகுகிறவர் திடீரென்று ‘சரிங்க’ என்றால், அந்த மரியாதையே அடி. எழுத்தில் அழகாக வரும், ஆனால் ஒரு படத்தில் ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தினால் நாடகமாகிவிடும்.

ஒரு காட்சியை எடுத்துச் செய்து காட்டுங்களேன்.

தொலைபேசியில் அக்காவும் தம்பியும். அப்பாவை அக்கா பார்த்துக்கொள்கிறாள், தம்பி வெளியூரில் இருக்கிறான். இந்த மாதம் வர முடியாது என்கிறான். ஆங்கிலத்தில் அக்காவுக்கு மூன்றே பதில்கள்: ‘ஓகே’, ‘ஐ ஆம் ஃபைன்’, ‘ஃபைன்’. நான் முதலில் எழுதியது இப்படி:

“இந்த மாசம் வர முடியாதுக்கா.”
“சரி.”
“கோபமா?”
“நான் நல்லா இருக்கேன்.”
“அடுத்த மாசம் கண்டிப்பா வரேன்.”
“சரி.”

நடு வரி அபத்தம். கோபமா என்று கேட்டதற்கு நலம் விசாரித்ததுபோலப் பதில் வருகிறது. கேள்வி கோபத்தைப் பற்றியது, அதனால் பதிலும் அதைத் தொட்டாக வேண்டும். முதல் ‘சரி’க்கும் கடைசிச் ‘சரி’க்கும் வித்தியாசமே இல்லை என்பது அடுத்த குறை. முதலாவதில் ஏமாற்றத்தை விழுங்குகிறாள், கடைசியில் கதவை மூடுகிறாள். திருத்தியது:

“இந்த மாசம் வர முடியாதுக்கா.”
“ம்… சரிடா.”
“கோபமா?”
“எனக்கென்ன கோபம்.”
“அடுத்த மாசம் கண்டிப்பா வரேன்.”
“வரும்போது வா.”

முதல் பதிலில் ‘டா’ இருக்கிறது, உறவு இன்னும் அறுபடவில்லை. இரண்டாவதில் கேள்விக்குறி போடவில்லை என்பதைக் கவனியுங்கள். அது கேள்வி அல்ல, மறுப்பு. மூன்றாவதில் ‘டா’ போய்விட்டது, வினையும் அவன் கைக்குப் போய்விட்டது. ‘வா’ என்று மட்டும் சொல்லியிருந்தால் அழைப்பு. ‘வரும்போது வா’ என்றால் ‘உன்னை நான் எதிர்பார்க்கவில்லை’.

இதையும் கடைசியில் மாற்ற வேண்டிவந்தது. பத்து நிமிடம் கழித்து அக்கா, ‘நான்தான் ஃபைன்னு சொன்னேனே, இன்னும் என்ன?’ என்கிறாள். தான் சொன்ன சொல்லையே எடுத்துக் காட்டுகிறாள். ‘வரும்போது வா’ என்று எழுதியிருந்தால் அவள் எதைச் சுட்டுகிறாள் என்று யாருக்கும் புரியாது. ஆகவே கடைசிப் பதிலை ‘சரி. வரும்போது வா.’ என்று ஆக்கி, பிந்தைய வரியை ‘சரின்னுதான் சொல்லிட்டேனே, இன்னும் என்ன?’ என்று எழுதினேன். ஒரு ‘ஃபைன்’ வந்தால் அந்தச் சொல் மறுபடி எங்கே வருகிறது என்று ஸ்கிரிப்ட் முழுவதும் தேடிவிட்டு முடிவெடுங்கள். எனக்கு இது பல முறை பட்டுத்தான் புத்தி வந்தது.

‘ஐ ஆம் ஃபைன்’, ‘ஐ ஆம் ஓகே’ என்று வந்தால் ‘நான் நலம்’தானே?

எதற்குப் பதிலாக வந்தது என்று பாருங்கள். ‘எப்படி இருக்கே?’ என்றால் ‘நல்லா இருக்கேன்’. ‘இன்னும் கொஞ்சம் வேணுமா?’ என்றால் அது நாசூக்கான மறுப்பு: ‘போதும்’ அல்லது ‘வேண்டாம், பரவாயில்லை’. ‘உதவட்டுமா?’ என்றால் ‘நானே பார்த்துக்கறேன்’. கீழே விழுந்து எழுந்தவர் சொன்னால் ‘ஒண்ணும் ஆகலை’. யாராவது மன்னிப்புக் கேட்டதற்கு ‘இட்ஸ் ஓகே’ என்று பதில் வந்தால் ‘பரவாயில்லை’, கொஞ்சம் மனசில்லாமல் என்றால் ‘இருக்கட்டும்’.

நாடகத்தையோ புத்தகத்தையோ பற்றிக் கேட்டு ‘இட் வாஸ் ஓகே’ என்று பதில் வந்தால் அது பாராட்டல்ல. ‘சுமார்’.

ஓகே தமிழாகிவிட்டதே. அப்படியே விட்டால் என்ன?

‘ஓகே’யை விடலாம். இளம் பாத்திரங்கள், அலுவலகப் பேச்சு, உற்சாகமான சம்மதம், இங்கெல்லாம் நன்றாகவே நிற்கும். ஆனால் தமிழில் நுழைந்த ஓகே இலேசானது. ஆங்கில ஓகேவின் கசப்பை அது முழுதாகத் தூக்கி வராது. கனமான காட்சியில் ‘சரி’க்குத்தான் எடை.

‘ஃபைன்’ வேண்டாம். தமிழில் ஃபைன் என்றால் கட்டுகிற ஃபைன், அபராதம். சண்டைக்காரி ‘ஃபைன்’ என்றதும் பார்க்கிறவர் ஒரு கணம் ‘எதுக்கு?’ என்று யோசிப்பார்.

டப்பிங்கில் வாயசைவு பொருந்த வேண்டுமே, அங்கே என்ன செய்வது?

‘ஓகே’ தொல்லை தராது. இரண்டு அசை, ‘சரி’யும் இரண்டு அசை. முகம் ரொம்பப் பக்கத்தில் இருந்தால் மட்டும் ‘ஓ’வின் உதட்டுக் குவிப்பு தெரியும், அப்போது ‘ஓகே’யையே வைத்துவிடுவேன்.

‘ஃபைன்’தான் தொல்லை. மேல்பல் கீழுதட்டில் படுவது திரையில் பளிச்சென்று தெரியும். தமிழில் அதே இடத்தில் பிறக்கும் ஒலி ‘வ’. எனவே கோபமான ஃபைனுக்கு ‘விடு’ என்று வைத்துப் பாருங்கள். உதடும் பொருந்தும், பொருளும் பொருந்தும்: ‘பேச்சை விடு’. நெருக்கமில்லாத இருவரானால் ‘விடுங்க’, அசை ஒன்று கூடும். மறுப்பான ‘ஐ ஆம் ஃபைன்’ என்றால் ‘வேணாம்’ கைகொடுக்கும்.

சாட்டில் ‘ஓகே.’ என்று முற்றுப்புள்ளியோடு வந்தால் கோபம் என்கிறார்களே, உண்மையா?

கோபம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் மனம் ஒட்டாததாகத் தோன்றும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் சீலியா க்ளின் குழுவினர் 126 மாணவர்களிடம் ஒற்றைச் சொல் பதில்களைக் காட்டிக் கேட்டார்கள். குறுஞ்செய்தியாகக் காட்டியபோது புள்ளி வைத்த பதில் குறைந்த நேர்மையுள்ளதாகப் பட்டது. அதையே கையால் எழுதிய குறிப்பாகக் காட்டியபோது அந்த வித்தியாசம் இல்லை.

தமிழ்ச் செய்தியில் புள்ளிக்கு அந்தக் கூர்மை இல்லை என்பது என் அனுபவம். புள்ளியை அப்படியே கொண்டுவந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். வால் நறுக்கிய ‘சரி’, அதைவிடக் குளிராக வேண்டுமானால் ‘ம்’. ஆங்கிலத்தில் ‘கே’ என்ற ஒற்றை எழுத்தை மட்டும் அனுப்புகிறவர்களுக்கு நம் ‘ம்’தான் நேர் இணை.

நான் வசனம் எழுதுபவள் இல்லை, பேச்சுவார்த்தைகளில் மொழிபெயர்ப்பாளராக உட்காருகிறேன். ஒருவர் ‘ஓகே’ என்றால் ‘ஒப்புக்கொண்டார்’ என்று சொல்லலாமா?

இங்கே மேலே சொன்னதையெல்லாம் தலைகீழாக்க வேண்டும். கதையில் குழப்பத்தை நாம் தீர்க்கலாம், தீர்த்தாக வேண்டும். உண்மையான பேச்சில் தீர்க்கக் கூடாது. ‘இந்தத் தொகையில் பத்து சதவீதம் குறைத்துத் தருகிறோம்’ என்று ஒருவர் சொல்ல, எதிரில் இருப்பவர் ‘ஓகே’ என்று தலையாட்டுகிறார். அது ‘ஏற்கிறேன்’ ஆகவும் இருக்கலாம், ‘கேட்டுக்கொண்டேன், மேலே சொல்லுங்கள்’ ஆகவும் இருக்கலாம். ‘ஒப்புக்கொள்கிறார்’ என்று நீங்கள் சொல்லிவிட்டால், அவர் சொல்லாத ஒரு வாக்கை நீங்கள் கொடுத்துவிட்டீர்கள்.

நல்லவேளையாகத் தமிழ்ச் ‘சரி’யும் அதே அளவு குழப்பமானது. ‘சரி’ என்று மட்டும் சொல்லுங்கள். ‘சரிங்க, ஏத்துக்கறேன்’ என்று நீட்டவும் வேண்டாம், ‘ம்’ என்று குறைக்கவும் வேண்டாம். கேட்டவருக்குச் சந்தேகம் வந்தால் அவரே திருப்பிக் கேட்பார். அவர் கேட்காமல் பேனாவை எடுத்துக் குறிக்கத் தொடங்கினால், ‘மொழிபெயர்ப்பாளராக ஒன்று: அவர் சொன்ன சொல் ஏற்பு என்றும் பொருள்படும், கேட்டுக்கொண்டேன் என்றும் பொருள்படும், எது என்று கேட்கட்டுமா?’ என்று இரு தரப்புக்கும் அவரவர் மொழியில் சொல்லிவிடுங்கள். குறிப்பெடுக்கும் வேலையும் உங்களுடையது என்றால், ‘சரி என்றார்’ என்று மேற்கோளோடு எழுதிவிட்டு, கேட்டுத் தெளிந்த பதிலை அடுத்த வரியில் எழுதுங்கள்.